குரைக்கும் இருமல்: குழந்தை அமைதியாக இருக்கும்போது மூச்சைக் கேளுங்கள்

குழந்தைகளுக்கு வரும் இருமல்களில் ஒன்றை மட்டும் ஒருமுறை கேட்டால் மறக்க முடியாது. நாய் குரைக்கிற மாதிரி, வறட்டுச் சத்தத்தோடு, பெரும்பாலும் நடுராத்திரியில் வரும். டாக்டர்கள் இதை குரூப் என்பார்கள். எங்கள் பையனுக்கு ஒன்றரை வயதில், கோயமுத்தூரில் மார்கழிக் குளிரில் வந்தது. அந்த ராத்திரி டாக்டர் எதைப் பார்த்து முடிவெடுத்தார், எதைக் கண்டுகொள்ளவே இல்லை என்பதைப் பக்கத்தில் இருந்து பார்த்ததால் இதை எழுதுகிறேன். வீட்டில் எல்லாரையும் பயமுறுத்துவது இருமல்தான். ஆனால் ஆபத்து எவ்வளவு என்று அந்த இருமல் சொல்லாது. பயங்கரமாகக் குரைக்கிற குழந்தை காலையில் ஓடி விளையாடும். அவ்வளவாக இருமாத குழந்தைக்கு மூச்சு அடைத்துக்கொண்டிருக்கும். இரண்டு இருமலுக்கு நடுவில் குழந்தை எப்படி மூச்சு விடுகிறது என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

அவனுக்கு முந்தின நாளே மூக்கு ஒழுகிக்கொண்டிருந்தது. லேசான காய்ச்சல். சாயங்காலம் என்னைக் கூப்பிடும்போது குரல் கம்மியிருந்தது. அழுதால்கூடச் சத்தம் கரகரவென்று வந்தது. சளி பிடித்தால் தொண்டை கட்டத்தானே செய்யும் என்று கஞ்சி கொடுத்துத் தூங்க வைத்தோம். ராத்திரி ஒரு மணி வாக்கில் திடீரென்று எழுந்து உட்கார்ந்து குரைக்க ஆரம்பித்தான். முதலில் அது அவனிடமிருந்து வருகிறது என்றே தோன்றவில்லை. நாலைந்து முறை குரைத்ததும் மூச்சை உள்ளே இழுத்தான். அப்போது "ஹீ..." என்று ஒரு கீச்சுச் சத்தம் வந்தது.

பக்கத்து அறையிலிருந்து வந்த அத்தை, "கக்குவானாட்ட இருக்குதே கண்ணு" என்றார். அவர் தலைமுறையில் கக்குவான் இருமலை நிறையப் பார்த்திருக்கிறார்கள், அதனால் அந்தச் சந்தேகம் நியாயமானது. ஆனால் கக்குவான் வேறு மாதிரி வரும். மூச்சு விடக்கூட இடம் தராமல் இருமல் தொடர்ந்து அடுக்கும், முகம் சிவக்கும், கடைசியில் ஒரு நீண்ட இழுப்பு வரும், பிறகு வாந்தி எடுப்பார்கள். இப்படியே பல வாரம் நடக்கும். குரல் கம்மாது. குரூப்பில் ஒன்றிரண்டு நாள் சளிக்குப் பிறகு குரல் கம்மி, ராத்திரியில் திடீரென்று குரைப்பு தொடங்கும். ஆறு மாதத்திலிருந்து மூன்று வயது வரை உள்ள குழந்தைகளுக்குத்தான் அதிகம், அதிலும் இரண்டாவது வயதில் மிக அதிகம். பெரும்பாலும் பாராஇன்ஃப்ளூயன்சா என்ற வைரஸ் காரணம். அதே வைரஸ் வீட்டில் பெரியவர்களுக்கும் வரும், ஆனால் அவர்களுக்குத் தொண்டை கட்டுவதோடு போய்விடும்.

குழந்தைக்கு மட்டும் ஏன் இப்படி ஆகிறது என்று புரிந்துகொண்டால் பிறகு செய்ய வேண்டியதெல்லாம் தானாகப் புரியும். குரல்வளைக்குக் கொஞ்சம் கீழே, மூச்சுக்குழாய் ஆரம்பிக்கிற இடத்தில், குருத்தெலும்பு முழு வளையமாகச் சுற்றியிருக்கிறது. அந்த இடத்தில் வீக்கம் வந்தால் வெளிப்பக்கம் விரிய வழியில்லை, உள்பக்கமாகத்தான் வீங்கும். கைக்குழந்தைக்கு அந்த வழியின் அகலமே சுமார் 4 மில்லிமீட்டர்தான். சுற்றிலும் ஒரே ஒரு மில்லிமீட்டர் வீங்கினாலும் வழி 2 மில்லிமீட்டராகப் பாதியாகிவிடும். அகலம் பாதியானால் காற்றை இழுக்க இரு மடங்கு சிரமப்பட்டால் போதும் என்று தோன்றும். கணக்கு அப்படி வராது, தடை 16 மடங்காகிறது. பெரியவர்களின் குழாய் பெரியது, அங்கே ஒரு மில்லிமீட்டர் வீக்கம் பொருட்டே இல்லை.

இன்னொன்றும் இருக்கிறது. பேப்பர் ஸ்ட்ராவில் கெட்டியான மில்க்‌ஷேக்கை வேகமாக உறிஞ்சினால் ஸ்ட்ராவே ஒட்டிக்கொள்ளும் அல்லவா, குழந்தையின் மென்மையான குழாயும் அப்படித்தான். எவ்வளவு வேகமாக மூச்சை இழுக்கிறதோ அவ்வளவுக்கு வழி இன்னும் சுருங்கும். அழும் குழந்தை வேகமாக இழுக்கும். ஆகவே குரூப்பில் அழுகையே நோயைக் கூட்டுகிறது. குழந்தையை அழவிடாமல் வைத்திருப்பது, டாக்டரிடம் போய்ச் சேரும்வரை, வீட்டில் நம்மால் தர முடிகிற நிஜமான சிகிச்சை. இது ஏதோ ஆறுதலுக்குச் சொல்வதல்ல.

அன்றைக்கு நாங்கள் பெரிய விளக்கைப் போடவில்லை. அவனை மடியில் நிமிர்த்தி உட்கார வைத்து, முதுகு என் நெஞ்சில் சாயும்படி வைத்துக்கொண்டேன். அவன் எப்போதும் பிடித்துக்கொண்டு தூங்கும் பழைய துப்பட்டாவைக் கையில் கொடுத்தேன். கணவரும் அத்தையும் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார்கள், அதுவே பெரிய உதவி. அழுகை அடங்கியது. இந்த நேரத்தில்தான் கேட்க வேண்டும். அழும்போதோ இருமும்போதோ மட்டும் அந்தக் கீச்சுச் சத்தம் வந்து, அமைதியானதும் நின்றுவிட்டால் அது லேசான குரூப். அமைதியாக மடியில் சாய்ந்திருக்கும்போதும் ஒவ்வொரு மூச்சிலும் சத்தம் வந்தால் அது வீட்டில் வைத்துப் பார்க்கிற விஷயம் இல்லை. உலக சுகாதார நிறுவனம் கிராம அளவில் வேலை செய்யும் சுகாதாரப் பணியாளர்களுக்கென்று தந்திருக்கும் வழிகாட்டியிலும் இதே கேள்விதான் இருக்கிறது: குழந்தை அமைதியாக இருக்கும்போது இந்தச் சத்தம் கேட்கிறதா? கேட்டால் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்ப வேண்டும்.

இந்தச் சத்தத்துக்கு டாக்டர்கள் ஸ்ட்ரைடர் என்று பெயர் சொல்கிறார்கள். நம் ஊரில் மூச்சில் எந்தச் சத்தம் வந்தாலும் "வீசிங்" என்று சொல்லிவிடுகிறோம். அதனால் குழப்பம் வருகிறது, தப்பான மருந்தும் போகிறது. வீசிங் மூச்சை வெளியே விடும்போது வரும், விசில் மாதிரி மெல்லியதாக நீளும், நெஞ்சுக்குள்ளிருந்து கேட்கும். ஸ்ட்ரைடர் மூச்சை உள்ளே இழுக்கும்போது வரும், தொண்டையிலிருந்து கேட்கும், அறையின் அந்தக் கோடியிலிருந்தும் கேட்கும். மூக்கடைப்பின் கொர்ர் சத்தம் மூக்கைச் சுத்தம் செய்தால் குறைந்துவிடும். எந்தப் பக்கத்து மூச்சு என்று சந்தேகமாக இருந்தால் குழந்தையின் வயிற்றில் லேசாகக் கை வைத்துப் பாருங்கள். சாதாரணமாக வயிறு மேலெழும்போது காற்று உள்ளே போகிறது. அப்போது சத்தம் வந்தால் அது ஸ்ட்ரைடர்.

அவன் சாய்ந்து கண்ணை மூடப் பார்த்தபோதும் சத்தம் நிற்கவில்லை. கணவர் செல்போன் வெளிச்சத்தைச் சுவரில் அடித்தார், நான் சட்டையை நெஞ்சுக்கு மேல் தூக்கினேன். கழுத்தும் நெஞ்செலும்பும் சேரும் இடத்தில் உள்ள தொண்டைக்குழி ஒவ்வொரு மூச்சிலும் உள்ளே போய்ப் போய் வந்தது. விலா எலும்புக்குக் கீழேயும் லேசாகக் குழி விழுந்தது. சாதாரணமாகத் தூங்கும் குழந்தைக்கு இந்த இடங்கள் இப்படி உள்வாங்காது. கணவர் அரை நிமிஷம் வீடியோ எடுத்துவிட்டு கார் சாவியைத் தேடப் போனார். அந்த வீடியோ பிறகு உதவியது. ராத்திரிக் காற்றில் வெளியே போனதுமே பல குழந்தைகளுக்குச் சத்தம் குறைந்துவிடும், ஆஸ்பத்திரியில் போய் நிற்கும்போது "ஒன்றுமில்லையே" என்கிற மாதிரி இருக்கும்.

அவன் முழிப்போடு இருந்தான், என்னைப் பார்த்தான், உதடு நல்ல நிறத்தில் இருந்தது, ஆஸ்பத்திரியும் பக்கம். அதனால் காரிலேயே போனோம். நான் பின்சீட்டில் அவனை நிமிர்த்திப் பிடித்துக்கொண்டேன். அவன் களைத்துப்போயிருந்தாலோ, நிறம் மாறியிருந்தாலோ, ஆஸ்பத்திரி தூரமாக இருந்திருந்தாலோ 108-ஐத்தான் கூப்பிட்டிருப்போம். ஆம்புலன்ஸில் ஆக்சிஜன் இருக்கும், கூடவே பயிற்சி பெற்ற ஒருவர் இருப்பார். பைக்கில் நடுவில் நெருக்கி வைத்துக்கொண்டு போவது குரூப்புக்கு மிக மோசமான வழி.

அவசரப் பிரிவில் இருந்த டாக்டர் முதலில் எங்கள் பக்கத்திலேயே வரவில்லை. கதவருகே நின்று, என் மடியில் இருந்தவனைச் சும்மா பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு அப்போது எரிச்சலாகக்கூட இருந்தது. அவர் செய்ததுதான் பரிசோதனை என்று பிறகு விளங்கியது. தெரியாதவர் கிட்டே வந்தால் குழந்தை அழும், அழுதால் அமைதியில் வரும் சத்தத்தைக் கேட்க முடியாது. பிறகு நர்ஸிடம், "அம்மா மடியிலேயே இருக்கட்டும் சிஸ்டர், கட்டில் வேண்டாம்" என்றார். வாயைத் திறக்க வைத்து நாக்கை அழுத்தி டார்ச் அடிக்கவில்லை. ரத்தம் எடுக்கவில்லை, எக்ஸ்ரே எடுக்கவில்லை, டிரிப் போட ஊசி குத்தவில்லை. கால் கட்டைவிரலில் ஆக்சிஜன் பார்க்கும் கிளிப்பை மட்டும் மாட்டினார்கள், 97 காட்டியது. "நல்லாத்தானே இருக்கு டாக்டர்?" என்று கேட்டேன். "இதை வச்சு நம்பாதீங்க. இந்த நோய்ல இது கடைசியிலதான் இறங்கும். குழந்தை எவ்வளவு கஷ்டப்பட்டு அந்த 97-ஐ வச்சிருக்குங்கறதைத்தான் பார்க்கணும்" என்றார். வீட்டில் ஆக்சிமீட்டர் வாங்கி வைத்திருப்பவர்கள் இதை மனதில் வைத்துக்கொள்வது நல்லது. கோவிட் காலத்தில் பழகிய கருவி என்பதால் அதில் நல்ல எண் வந்தால் நிம்மதியாகிவிடுகிறோம்.

மருந்து இரண்டுதான். முதலாவது டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு, ஒரே ஒரு டோஸ், வாய் வழியாக. எடைக்குக் கணக்குப் போடுகிறார்கள்: ஒரு கிலோவுக்கு 0.6 மில்லிகிராம். அவன் 11 கிலோ, ஆக 6.6 மில்லிகிராம். இதைவிடக் குறைந்த அளவு, கிலோவுக்கு 0.15 மில்லிகிராம் கொடுக்கும் வழக்கமும் இருக்கிறது. ஊசிக்கு வைத்திருந்த மருந்தையே சிரிஞ்சில் எடுத்து, ஊசியைக் கழற்றிவிட்டு, சர்க்கரைத் தண்ணீரோடு கன்னத்தின் உள்பக்கமாகக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டார்கள். குழந்தை துப்பாமல் விழுங்கினால் ஊசியாகப் போடுவதும் இதுவும் ஒன்றுதான், அழுகையும் மிச்சம். வீக்கத்தைக் குறைப்பது இந்த மருந்துதான், ஆனால் வேலை காட்ட ஒன்றிரண்டு மணி நேரம் ஆகும்.

அந்த இடைவெளியைச் சமாளிக்க இரண்டாவது மருந்து, நெபுலைசரில் அட்ரினலின். இது எல்லாக் குழந்தைக்கும் கிடையாது, அமைதியாக இருக்கும்போதும் ஸ்ட்ரைடர் வந்து தொண்டைக்குழி உள்வாங்குகிற குழந்தைகளுக்கு மட்டும். முகமூடியைக் கண்டு அவன் முரண்டு பிடித்தான். நர்ஸ் அதை இறுக்கி மாட்டாமல் முகத்துக்கு அருகில் பிடிக்கச் சொன்னார். கால் மணி நேரத்துக்குள் அந்த "ஹீ" சத்தம் தேய்ந்து நின்றுவிட்டது. பெரிய நிம்மதி. கிளம்பலாமா என்று கணவர் கேட்டார். டாக்டர் விடவில்லை. அட்ரினலின் ரத்தக் குழாய்களைச் சுருக்கி வீக்கத்தைத் தற்காலிகமாக வற்ற வைக்கிறது, அவ்வளவுதான். அதன் வேகம் இரண்டு மணி நேரத்தில் போய்விடும். அதற்குள் ஸ்டீராய்டு வேலை செய்ய ஆரம்பித்திருந்தால் சரி, இல்லையென்றால் பழைய சத்தம் திரும்பும், வழியில் மாட்டிக்கொள்வோம். ஆகவே விடியும்வரை அங்கேயே வைத்திருந்தார்கள். நெபுலைசர் கொடுத்ததும் "சரியாயிடுச்சு, கூட்டிட்டுப் போங்க" என்று உடனே அனுப்பினால், எந்த மருந்து கொடுத்தார்கள், எவ்வளவு நேரம் பார்க்க வேண்டும் என்று தயங்காமல் கேளுங்கள்.

ஸ்டீராய்டு என்றதும் எங்கள் வீட்டிலும் கவலை வந்தது. "சின்னக் குழந்தைக்கு ஸ்டீராய்டா?" என்று மறுநாள் போனில் கேட்காத சொந்தம் இல்லை. வளர்ச்சி பாதிக்கும், எலும்பு தேயும் என்கிற பயமெல்லாம் வாரக்கணக்கில், மாதக்கணக்கில் தினமும் கொடுப்பதைப் பற்றியது. குரூப்புக்குக் கொடுப்பது ஒரு டோஸ். அந்த ஒரு டோஸ் உடம்பில் ஒன்றிரண்டு நாள் வேலை செய்கிறது, இந்த நோயின் கடுமையான பகுதியும் ஏறக்குறைய அவ்வளவு நேரம்தான். லேசான குரூப்புக்குக்கூட இப்போது இதைக் கொடுக்கிறார்கள், திரும்ப ஆஸ்பத்திரிக்கு ஓடி வருவது குறைகிறது என்பதால். ஆனால் மருந்துக்கடையில் நாமே வாங்கி வைத்துக்கொண்டு ராத்திரியில் கொடுக்கிற சமாச்சாரம் இல்லை. வந்திருப்பது குரூப்தானா என்பதே ஒருவர் பார்த்துச் சொல்ல வேண்டியது.

கொடுக்காதவற்றையும் சொல்ல வேண்டும். ஆன்டிபயாடிக் கொடுக்கவில்லை, இது வைரஸ். வீட்டில் பலரும் வைத்திருக்கும் வீசிங் மருந்தான சால்பியூட்டமாலை நெபுலைசரில் போடவில்லை. அது நெஞ்சுக்குள் இருக்கும் சின்னக் குழாய்களைத் திறக்கும் மருந்து, அடைப்பு தொண்டைக்குக் கீழே இருக்கும்போது அதனால் பயனில்லை. இருமல் சிரப்பும் எழுதவில்லை. 2025 அக்டோபரில் மத்தியப் பிரதேசத்தில் கலப்பட சிரப் குடித்த குழந்தைகள் இறந்த பிறகு, 2 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு இருமல், சளி மருந்துகள் தரவே கூடாது என்று மத்திய அரசின் சுகாதார இயக்குநரகம் அறிவுறுத்தியது. கலப்படமே இல்லாத சிரப்பும் குரூப் வீக்கத்தை ஒன்றும் செய்யாது.

ஆவி பிடிப்பதைப் பற்றி அத்தைக்கும் எனக்கும் இன்னும் உடன்பாடு இல்லை. ஈரமான காற்றால் குரூப் குறைகிறதா என்று ஆஸ்பத்திரிகளில் சோதித்துப் பார்த்ததில் பயன் தெரியவில்லை. கொதிக்கும் பாத்திரத்தின் பக்கத்தில், போர்வைக்குள், திணறும் குழந்தையைப் பிடித்து வைத்தால் வெந்நீர் கொட்டுவதுதான் நடக்கும். கற்பூரம், தைலம் மூக்கில் தடவுவதும் இந்த வயதில் வேண்டாம். கற்பூரம் வயிற்றுக்குள் போனால் வலிப்பு வரும். சாம்பிராணிப் புகை வீங்கின குழாயை இன்னும் எரிச்சலாக்கும். ஆனால் குளிர்ந்த வெளிக்காற்று உதவும் என்பதற்கு ஆதாரம் உண்டு. 2023-இல் வெளிவந்த ஜெனீவா ஆய்வு ஒன்றில், ஸ்டீராய்டு கொடுத்த குழந்தைகளை அரை மணி நேரம் 10 டிகிரிக்குக் குறைவான வெளிக்காற்றில் வைத்திருந்தபோது, உள்ளே இருந்தவர்களைவிட அதிகம் பேருக்கு சீக்கிரம் குறைந்தது. நம் ஊரில் அந்தக் குளிர் ஊட்டியிலோ கொடைக்கானலிலோதான் கிடைக்கும். கோவையின் மார்கழி ராத்திரியும் அவ்வளவு குளிராது. போகிற வழியில் கார் ஜன்னலைக் கொஞ்சம் இறக்கி வைத்தால் கெடுதல் இல்லை, அதை நம்பிப் பயணத்தைத் தள்ளிப்போடக் கூடாது என்று மட்டும் எடுத்துக்கொள்ளலாம்.

மறுநாள் பகலில் அவன் பொம்மை லாரியோடு கிடந்தான். ஜுரம்கூட இல்லை. ராத்திரி பத்து மணிக்கு மறுபடி குரைப்பு. குரூப்பில் இரண்டாவது ராத்திரியும் இப்படி ஆவது வழக்கம் என்று டாக்டர் முன்பே சொல்லி அனுப்பியிருந்ததால் பதறவில்லை. மடியில் வைத்து அமைதிப்படுத்தி, சட்டையைத் தூக்கிப் பார்த்தோம். தொண்டைக்குழி அசையவில்லை, அமைதியில் சத்தம் இல்லை. வீட்டிலேயே இருந்தோம், நானும் கணவரும் மாற்றி மாற்றி முழித்தோம். கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர், பால் கொடுத்தோம். காய்ச்சல் வந்தால் பாராசிட்டமால் கொடுக்கச் சொல்லியிருந்தார்கள். அது காய்ச்சலுக்கும் தொண்டை வலிக்கும்தான், மூச்சுக்கு அல்ல. குரைப்பு அதற்குப் பிறகு சாதாரணச் சளி இருமலாக மாறியது, கம்மிய குரல் தெளிய இன்னும் சில நாள் எடுத்தது.

இனி, குரூப் மாதிரியே தெரிந்து குரூப் அல்லாதவை. இதில் எனக்கு மிகப் பயம் தருவது நிலக்கடலை. எங்கள் தெருவில் ஒரு குழந்தை பொரிகடலை, நிலக்கடலை கலந்து தின்றுகொண்டிருந்தபோது திடீரென்று இருமி, கொஞ்ச நேரத்தில் ஓய்ந்தது. சளி இல்லை, காய்ச்சல் இல்லை, குரல் கம்மவில்லை. பிறகு மூச்சில் சத்தம். குழாய் விட்டுப் பார்த்துப் பருப்பை எடுத்தார்கள். சளியோ ஜுரமோ இல்லாமல், சாப்பிடும்போதோ விளையாடும்போதோ திடீரென்று மூச்சில் சத்தம் தொடங்கினால், அது நின்றுபோனாலும் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். கடலை, பட்டாணி, பொம்மையின் பட்டன் பேட்டரி எதுவாகவும் இருக்கலாம். குழந்தை இருமிக்கொண்டோ அழுதுகொண்டோ இருக்கும்வரை வாய்க்குள் விரலை விட்டுத் துழாவாதீர்கள், பாதி அடைப்பு முழு அடைப்பாகிவிடும். "தொக்கம் எடுக்க" கூட்டிப்போவதும் அதே ஆபத்துதான்.

இன்னொன்று, குரல்வளை மூடியின் வீக்கம். கடுமையான ஜுரம், குரைக்கும் இருமல் கிடையாது, எச்சிலைக்கூட விழுங்க முடியாமல் வாயிலிருந்து ஒழுகும், குழந்தை முன்னால் சாய்ந்து தாடையை நீட்டி உட்கார்ந்திருக்கும், படுக்கவே மறுக்கும். முன்பு இதற்கு முக்கியக் காரணம் ஹிப் என்ற பாக்டீரியா. 2011 டிசம்பரில் தமிழ்நாட்டிலும் கேரளத்திலும் தொடங்கிய ஐந்து நோய்த் தடுப்பூசியில் அதற்கான மருந்து இருக்கிறது, 6, 10, 14 வாரங்களில் போடுவது அதுதான். அதில் தொண்டை அடைப்பான் நோய்க்கான தடுப்பும் உண்டு. தொண்டைக்குள் சாம்பல் நிறப் படலம் கட்டி, கழுத்து வீங்கி மூச்சை அடைக்கும் அந்த நோய் நம் நாட்டில் இன்னும் முழுதாகப் போகவில்லை. ஆகவே டாக்டர் தடுப்பூசி அட்டையைக் கேட்டால் சும்மா கேட்கிறார் என்று நினைக்காதீர்கள், அவசரமாகக் கிளம்பும்போதும் பையில் போட்டுக்கொள்ளுங்கள். இப்படிச் சந்தேகமாக இருக்கும் குழந்தையின் வாயைத் திறந்து, ஸ்பூனால் நாக்கை அழுத்தி டார்ச் அடித்துப் பார்க்கவே கூடாது. தொண்டை அந்த நொடியே முழுதாக அடைத்துக்கொள்ளக்கூடும்.

குரூப் என்று சொல்லி மருந்து கொடுத்த பிறகு ஜுரம் திடீரென்று ஏறி, குழந்தை வாடிப்போய், அட்ரினலினுக்கும் கேட்காமல் போனால் மூச்சுக்குழாயில் பாக்டீரியா சேர்ந்திருக்கலாம். அதுவும் உடனே திரும்பிப் போக வேண்டிய நிலைமை. பிறந்ததிலிருந்தே மூச்சில் சத்தம் இருந்தாலோ, ஆறு மாதத்துக்குள் இப்படி வந்தாலோ, பிறந்தபோது மூச்சுக்குழாயில் டியூப் போட்டு வைத்திருந்த குழந்தையானாலோ அதை முதலிலேயே டாக்டரிடம் சொல்ல வேண்டும். அந்தக் குழந்தைகளின் குழாய் ஏற்கெனவே குறுகலாக இருக்கலாம்.

எப்போது ஒரு நிமிஷம்கூடத் தாமதிக்கக் கூடாது என்று கேட்டால், எல்லாரும் தப்பாகப் புரிந்துகொள்ளும் ஒன்றிலிருந்து ஆரம்பிக்கிறேன். திணறிக்கொண்டிருந்த குழந்தையின் சத்தம் மருந்து எதுவும் கொடுக்காமலே குறைகிறது, குழந்தையும் அமைதியாகித் துவள்கிறது. "அப்பாடா, தூங்கிட்டான்" என்று படுக்க வைக்கத் தோன்றும். சத்தம் வர வேண்டுமானால் காற்று ஓட வேண்டும். உள்ளே போகும் காற்றே குறைந்துவிட்டால் சத்தமும் குறையும். நிஜமாகச் சரியாகும் குழந்தையிடம் சத்தத்தோடு சேர்ந்து தொண்டைக்குழியின் இழுப்பும் நின்றிருக்கும், எழுப்பினால் முறைக்கும், தண்ணீர் கேட்கும், நம் கையைத் தட்டிவிடும். களைத்து விழும் குழந்தையிடம் சத்தம் மட்டும் குறைந்திருக்கும், நெஞ்சு உள்வாங்கிக்கொண்டே இருக்கும், இல்லையென்றால் அசைவே ரொம்ப லேசாகிவிடும், எழுப்பினாலும் கண் நம்மைப் பார்க்காது. இது கடைசிக் கட்டம். 108-ஐக் கூப்பிட்டுவிட்டுத்தான் மற்றதெல்லாம்.

அதற்கு முந்தைய கட்டத்தில் குழந்தை ஒரு இடத்தில் நிற்காமல் புரளும், மடியிலும் தங்காது, தாய்ப்பாலைப் பிடித்துப் பிடித்து விட்டுவிடும், ஒவ்வொரு மூச்சுக்கும் தலை ஆடும். நம் குழந்தைகளின் நிறத்தில் நீலம் பாரித்தது முகத்தில் சட்டென்று தெரியாது. உதட்டின் உள்பக்கம், நாக்கு, ஈறு இவற்றைப் பாருங்கள், அங்கே சாம்பலாகவோ நீலமாகவோ இருந்தால் அது முற்றிய நிலை. ஆம்புலன்ஸ் வரும்வரை குழந்தை எப்படி உட்கார விரும்புகிறதோ அப்படியே விடுங்கள். படுக்க வைக்காதீர்கள், வாயில் எதையும் ஊற்றாதீர்கள். போனில் "குழந்தைக்கு இருமல்" என்று சொன்னால் அவசரம் புரியாது. வயசைச் சொல்லி, "அமைதியா இருக்கும்போதும் மூச்சை இழுக்கும்போது சத்தம் வருது, தொண்டைக்குழி உள்ளே போகுது" என்று சொல்லுங்கள்.

அடுத்த வருஷமும் அவனுக்கு ஒருமுறை வந்தது. சில குழந்தைகளுக்கு இப்படித் திரும்ப வரும், அடிக்கடி வந்தால் காது மூக்கு தொண்டை டாக்டரிடம் காட்டிக் குழாயில் வேறு குறுகல் இருக்கிறதா என்று பார்க்கச் சொல்வார்கள். இந்த முறை குரைப்பு மட்டும்தான், அமைதியில் சத்தமில்லை. காலையில் எங்கள் வழக்கமான டாக்டரிடம் கூட்டிப்போய் எடை பார்த்து ஒரு டோஸ் டெக்ஸாமெத்தசோன் கொடுத்தார்கள். எடை கூடியிருந்ததால் அளவும் கொஞ்சம் கூடியிருந்தது. அவன் சிரிஞ்சைப் பார்த்துவிட்டு வாயை இறுக்கி மூடிக்கொண்டான், அத்தைதான் ஏதோ கதை சொல்லித் திறக்க வைத்தார்.